தாத்தாவின் கேசட்: குரலை வைத்து வயதைச் சொல்ல முடியுமா?

கேள்வி: பரணில் தாத்தா பேசிய கேசட் ஒன்று கிடைத்தது. எந்த வருஷம் பதிவு செய்தது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் பிறந்தது 1921, மறைந்தது 1999. குரலைக் கேட்டு அப்போது அவருக்கு என்ன வயது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? வயதாக ஆக சுருதி இறங்கும் என்கிறார்களே, அதை அளந்தால் போதுமா?

பதில்:

பத்து வருஷம் முன்னே பின்னே சொல்லலாம். தேதி தெரிந்த இன்னொரு பதிவு, அதே தாத்தா பேசியது, கையில் இருந்தால் இன்னும் நெருங்கலாம். ஆனால் சுருதியை மட்டும் அளந்து முடிவுக்கு வர வேண்டாம். ஆண் குரலில், அதுவும் அறுபதைத் தாண்டிய ஆண் குரலில், நீங்கள் கேள்விப்பட்ட விதி தலைகீழாக நடக்கும்.

முதலில் அதைப் பார்த்துவிடலாம். சுருதி என்பது குரல்நாண்கள் ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கின்றன என்ற கணக்கு. அதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். பேசும்போது ஆண்களுக்குச் சுமாராக 100 முதல் 130 வரை, பெண்களுக்கு 200ஐ ஒட்டி. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாற்றத்தால் குரல்நாண் சற்றே தடிக்கும், சுருதி இறங்கும். பாட்டி போனில் பேசினால் "சார்" என்று கூப்பிடுகிறார்களே, அது இதனால்தான். நீங்கள் கேட்ட விதி பெண்களுக்குப் பொருந்தும்.

ஆண்களுக்கு நடப்பது வேறு. நடுவயது வரை மெல்ல இறங்கும், அப்புறம் ஏறும். குரல்நாணுக்குள் ஒரு தசை இருக்கிறது. முதுமையில் கை கால் தசை மெலிவது போல அதுவும் மெலியும், நாண் ஒல்லியாகும், விறைக்கும். வீணையில் மெல்லிய தந்தி உச்சத்தில் ஒலிப்பது போலத்தான் இதுவும். 1972இல் ஹாலியன், ஷிப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இருபது முதல் எண்பத்தொன்பது வயது வரையான ஆண்களின் குரலை அளந்தார்கள். இருபதுகளில் சராசரி 120ஐ ஒட்டி இருந்தது. நாற்பதுகளில் 107 ஆக இறங்கியது. எழுபதுகளில் 132, எண்பதுகளில் 146. இடையில் அறுபதுகளில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் கோட்டின் போக்கு தெளிவு.

இந்த எண்களைப் பார்த்ததும் ஓர் ஆபத்து வரும். "என் தாத்தா குரல் 132, அப்படியானால் எழுபது வயது" என்று சொல்லத் தோன்றும். அது சரியில்லை. இவை சராசரிகள். ஒரே வயதில் இருக்கும் இரண்டு ஆண்களுக்கு இடையே முப்பது, நாற்பது ஹெர்ட்ஸ் வித்தியாசம் சாதாரணம். 135இல் பேசும் இருபத்தைந்து வயதுப் பையன் எந்தத் தெருவிலும் கிடைப்பான். ஆகவே முன்பின் தெரியாத ஒருவரின் சுருதியை அளந்து வயது சொல்வது ஏறக்குறைய ஊகம்தான். ஒரே மனிதரின் சுருதி இரண்டு பதிவுகளுக்கு இடையே எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் பேசும். பிபிசி வானொலியில் 1946 முதல் 2004 வரை வாராவாரம் பேசிய அலிஸ்டர் குக்கின் பதிவுகளை ஒலியியலாளர்கள் இப்படித்தான் அடுக்கி அளந்தார்கள். பல பத்தாண்டுகள் இறங்கிக்கொண்டே வந்த சுருதி, கடைசி வருஷங்களில் திரும்பி ஏறியது. ஒரே தொண்டை, ஒரே வகைப் பேச்சு, எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. இவ்வளவு நல்ல சான்று சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைக்காது, ஆனால் இரண்டு கேசட் கிடைக்கலாம்.

சுருதியைவிட வயதை நன்றாகக் காட்டிக்கொடுப்பது பேச்சின் நடை. இதைக் காட்ட ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1966இல் டாசெக், சாண்டர் என்ற இருவர், முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களையும் அறுபத்தைந்து தாண்டியவர்களையும் பதிவு செய்து, கேட்பவர்களிடம் 'இளையவரா, முதியவரா' என்று மட்டும் கேட்டார்கள். இழுத்துச் சொன்ன ஒரே ஓர் உயிரொலியை வைத்தே 78 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். வாசித்த பகுதியைப் பின்னோக்கி ஓடவிட்டபோது 87 சதவீதம். நேராகக் கேட்டபோது 99. ஒற்றை உயிரொலியில் தொண்டையின் நிலை மட்டுமே இருக்கிறது. வாசிக்கும்போது வேகம், மூச்சு, நிறுத்தம், உச்சரிப்பு எல்லாம் வந்து சேர்கின்றன.

ஆனால் அந்த 99ஐப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே நடுவயதினரே கிடையாது. சரியான எண்ணைச் சொல்லச் சொன்னால் கேட்பவர்கள் பத்து வருஷம் தவறுவது சகஜம், அதிலும் ஒரு சாய்வு உண்டு: இளையவரைக் கொஞ்சம் மூத்தவராகவும், முதியவரைக் கொஞ்சம் இளையவராகவும் கணிப்பார்கள். உங்கள் காதுக்குத் தாத்தா அறுபத்தைந்து போலத் தோன்றினால், எழுபதைத் தாண்டியவராக இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேசட்டுக்கு வருவோம். எங்கள் குடும்பத்தில் இதே வேலையை நான் செய்திருக்கிறேன். என் அம்மாவின் பெரியப்பா, 1916இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். எங்களிடம் இரண்டு கேசட்கள். ஒன்று 1982இல் ஒரு கல்யாண வீட்டில் அவர் வாழ்த்திப் பேசியது, தேதி உறுதி. மற்றொன்றில் அவர் திண்ணையில் உட்கார்ந்து குடும்பக் கதை சொல்கிறார், தேதி இல்லை. மாமா அதை எண்பதுகளின் நடுவில் என்றார், சித்தி தொண்ணூறுக்குப் பிறகு என்றார்.

இரண்டையும் கணினிக்கு மாற்றி, Praat என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, குரல் ஆய்வு செய்கிறவர்கள் பலரும் பயன்படுத்துவது. ஆண் குரலுக்கு 75 முதல் 300 வரை தேடச் சொன்னால் போதும். சராசரியைவிட நடு எண்ணை எடுப்பது நல்லது. இருமலும் கதவுச் சத்தமும் சராசரியை இழுத்துவிடும், நடு எண்ணை அவ்வளவாக அசைக்காது.

```
Read from file: "thatha.wav"
To Pitch: 0, 75, 300
median = Get quantile: 0, 0, 0.5, "Hertz"
writeInfoLine: fixed$ (median, 1)
```

கல்யாணக் கேசட்டில் 121. திண்ணைக் கேசட்டில் 150. இருபத்தொன்பது ஹெர்ட்ஸ் ஏற்றம் என்றால் மிக அதிகம். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. குரல் கொஞ்சம் அவசரமாகவும் மெலிந்தும் கேட்டது, வேகமாக ஓடும் நாடா போல.

கேசட்டில் பெரிய குழி இதுதான். பதிவு செய்தபோது பேட்டரி தளர்ந்திருந்து நாடா மெதுவாக ஓடியிருந்தால், இன்று சரியான வேகத்தில் போடும்போது குரல் உயர்ந்து ஒலிக்கும். இப்போது போட்டுக் கேட்கும் டெக் தேய்ந்து வேகம் மாறியிருந்தாலும் அப்படியே. சுருதி, பேச்சு வேகம் இரண்டும் சேர்ந்து ஏறும். நாம் அளப்பது தாத்தாவையா, மோட்டாரையா என்றே தெரியாமல் போகும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ரெக்கார்டரைக் கரண்டில் செருகிப் பதிவு செய்திருந்தால், மின்சாரத்தின் உறுமல் நாடாவில் மெல்லிசாக விழுந்திருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டை 100இலும் கோடு தெரியும். தாத்தா பேசாமல் இருக்கும் பத்து விநாடித் துண்டை வெட்டியெடுத்து `To Spectrum` கொடுத்து, 100ஐ ஒட்டிய பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். பத்து விநாடி இருந்தால் ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கலாம். திண்ணைக் கேசட்டில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று 100ஐ ஒட்டி, அது இன்று என் வீட்டில் டெக் போட்டது. மற்றொன்று 107இல், அதுதான் பழைய உறுமல். அதாவது 50 இருக்க வேண்டிய இடத்தில் 53.5, கேசட் ஏழு சதவீதம் வேகமாக ஓடுகிறது. 150ஐ 50ஆல் பெருக்கி 53.5ஆல் வகுத்தால் 140. கல்யாணக் கேசட்டில் உறுமல் 100.8இல் இருந்தது, அங்கே திருத்த வேண்டியது மிகக் குறைவு.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்தில் நம் மின்சாரம் எப்போதும் சரியாக 50இல் நிற்கவில்லை. பற்றாக்குறை நேரத்தில் 48.5 வரைகூட இறங்கும், சில நேரம் 50.5ஐத் தொடும். அந்த அளவு தளர்வு விட்டுக் கணக்குப் போட்டால் திண்ணைக் கேசட்டின் சுருதி 136 முதல் 142 வரை, கல்யாணக் கேசட் 116 முதல் 121 வரை. எப்படிப் பார்த்தாலும் பதினைந்து ஹெர்ட்ஸுக்குக் குறையாத ஏற்றம். அதோடு கல்யாண வீட்டில் இரைச்சலுக்கு மேலே சத்தம் போட்டுப் பேசியிருக்கிறார். சத்தமாகப் பேசினால் யாருக்கும் சுருதி ஏறும். அமைதியாகப் பேசியிருந்தால் 1982இல் அவர் குரல் இன்னும் கீழே இருந்திருக்கும். ஆகவே உண்மையான ஏற்றம் நான் அளந்ததைவிடக் கூடவே இருக்கும்.

பேட்டரியில் பதிவு செய்த கேசட் என்றால் உறுமல் இருக்காது. அப்போது பின்னணியில் ரேடியோவில் ஏதாவது சினிமாப் பாட்டு ஓடுகிறதா என்று கேளுங்கள். அதே பாட்டின் சரியான பதிவோடு ஒரு நீண்ட சுரத்தை ஒப்பிட்டால் வேகம் தெரிந்துவிடும்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதி. நாடாவின் வேகம் எப்படி மாறினாலும் மாறாத அளவுகள் சில உண்டு. ஒரு மூச்சில் எத்தனை அசை பேசுகிறார் என்று எண்ணுங்கள். கேசட் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் பதினான்கு அசை பதினான்குதான். அதேபோல் மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு மௌனம் என்பதும் மாறாது. இதற்கு மென்பொருள்கூட வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் பொறுமையும் போதும். பேசியதை அப்படியே எழுதிக்கொண்டு, மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் ஒரு கோடு போடுங்கள்.

நான் போட்டது இப்படி இருந்தது. கல்யாணக் கேசட்டில்: "பொண்ணும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று /". ஒரே மூச்சு, தடங்கல் இல்லை. திண்ணைக் கேசட்டில்: "எங்கப்பா வந்து / அந்தக் காலத்துல / கால்நடையாவே / திருச்சிக்குப் போவார்". நான்கு துண்டு. ஒரு பக்கம் முழுக்க எண்ணிப் பார்த்தால் 1982இல் ஒரு மூச்சுக்குச் சராசரி 14 அசை, திண்ணைக் கேசட்டில் 8. மௌனத்தின் பங்கு 22 சதவீதத்திலிருந்து 37 ஆகியிருந்தது. வயதாகும்போது ஒரு மூச்சில் இழுத்து விடக்கூடிய காற்றின் அளவு குறைகிறது. அதோடு குரல்நாண்கள் மெலிந்து நடுவில் முழுசாக ஒட்டாமல் ஒரு சின்ன இடைவெளி விடுகின்றன. அந்த வழியே காற்று வீணாகக் கசிகிறது. இருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துபோகிறது, வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கசிவுதான் முதியவர் குரலில் கேட்கும் காற்றுச் சத்தமும்.

இதில் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். வாழ்த்துரை மனப்பாடமாக வருவது, கதை யோசித்து யோசித்துச் சொல்வது. யோசிக்கும் நிறுத்தமும் மூச்சுக்கான நிறுத்தமும் வேறு வேறு. யோசிக்கும்போது 'வந்து', 'அப்பறம்' என்று இழுத்தபடி நிற்பார், மூச்சு உள்ளே போகும் சத்தம் இருக்காது. அதனால் மூச்சுச் சத்தம் காதில் விழும் இடங்களை மட்டும் தனியாக எண்ணினேன். வித்தியாசம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. இதற்காகவே சொல்கிறேன், கேசட்டை மாற்றும்போது இரைச்சல் நீக்கும் வசதி எதையும் போடாதீர்கள். அது முதலில் அழிப்பது மூச்சைத்தான். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தாலும், ஒலி சுருங்கித் தேயாமல் இருக்க டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

அப்புறம் நடுக்கம். திண்ணைக் கேசட்டில் பேச்சின் நடுவே அவர் ஒரு பாசுரத்தை இழுத்துச் சொல்கிறார். முடிவில் நீட்டிய 'ஏ' விநாடிக்கு ஐந்து தடவை போல மேலும் கீழும் அசைந்தது. சுருதிக் கோட்டைப் பெரிதாக்கினால் அலை அலையாகத் தெரியும். 1982இல் அப்படி இல்லை. பல்லும் போயிருக்கிறது. 'சாஸ்திரி' என்று சொல்லும்போது 'ஸ்' நடுவில் மழுங்கி 'சாத்திரி'க்குப் பக்கத்தில் வருகிறது. பல் போன குரல் கேட்பவரின் காதுக்குச் சில வயது கூட்டிவிடும், அதை மனதில் வைத்துத் தள்ளுபடி செய்ய வேண்டும். எழுபதில் பல் போனவர்களும் உண்டு, தொண்ணூறில் கரும்பு கடித்தவர்களும் உண்டு.

உடல்நிலையும் அப்படித்தான். வருஷக்கணக்காகப் புகைபிடித்தவருக்குக் குரல்நாண் தடித்து சுருதி இறங்கும், முதுமையில் வரும் ஏற்றத்தை அது மறைத்துவிடும். நடுக்குவாதம், ஆஸ்துமா, பக்கவாதம் எல்லாம் பேச்சை மாற்றி, அறுபத்தைந்து வயதுக்காரரை எண்பது ஆக்கிவிடும். உங்கள் தாத்தாவுக்கு அப்படி ஏதும் இருந்ததா, எப்போது தொடங்கியது என்று பாட்டியிடமோ அத்தையிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். குரலில் தெரிவது தொண்டையின் தேய்மானம், அது பிறந்த நாளோடு சேர்ந்தேதான் நடக்கும் என்று கட்டாயம் இல்லை.

இவ்வளவையும் சேர்த்து எங்கள் பெரியப்பா தாத்தாவுக்கு நான் போட்ட கணக்கு, எழுபத்துநான்கு முதல் எண்பத்திரண்டு வரை. வருஷமாகச் சொன்னால் 1990 முதல் 1998 வரை. மாமாவின் எண்பதுகளின் நடுப்பகுதி இடிக்கிறது, ஆனால் குரலை மட்டும் வைத்து அவர் சொல்வதை முழுக்கத் தள்ள எனக்குத் துணிவு வரவில்லை. பேசிய விஷயத்தைக் கவனித்தபோதுதான் தெளிவு வந்தது. ஓரிடத்தில், "பேரன் பூத்துல போய் எஸ்.டி.டி. போட்டுச் சொன்னான்" என்கிறார், ஏதோ தினசரி நடக்கும் காரியம் போல. எஸ்.டி.டி. பூத்துகள் ஊர் ஊராகப் பரவியது எண்பதுகளின் கடைசியில்தான். அவர் இருந்த கிராமத்தில் முதல் பூத் எப்போது வந்தது என்று ஊரில் கேட்டோம், 1991 என்றார்கள். ஆக 1991க்கும் 1998க்கும் இடையில். அதற்கு மேல் நெருங்க முடியவில்லை, கேசட் உறையில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

பேச்சில் வரும் சொற்கள் தேதிக்கு உதவும் அளவு வயதுக்கு உதவாது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 'அணா', 'டிரங்க் கால்' என்று ஒருவர் சொன்னால் அவர் எந்தத் தலைமுறையில் பேசக் கற்றார் என்பது தெரியும், இப்போது அவர் தொண்டைக்கு எத்தனை வயது என்பது தெரியாது. முகம் தெரியாத குரலில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு விஷயம் சாட்சி. 1979இல் யார்க்ஷயரில் தொடர் கொலைகளைத் தேடிக்கொண்டிருந்த போலீசுக்கு, நான்தான் கொலைகாரன் என்று சொல்லும் ஒரு கேசட் வந்தது. ஸ்டான்லி எல்லிஸ், ஜாக் வின்ட்சர் லூயிஸ் என்ற மொழியியலாளர்கள் உச்சரிப்பை வைத்து, பேசியவன் சண்டர்லாந்தை ஒட்டிய காசில்டவுன், சவுத்விக் பகுதிக்காரன் என்று ஊர் அளவுக்குக் குறுக்கிச் சொன்னார்கள். ஆனால் போலீஸ் தன் விசாரணைக்கு வைத்திருந்த வயது வரம்பு இருபது முதல் ஐம்பத்தைந்து வரை. 2005இல் பிடிபட்ட ஜான் ஹம்பிள், அந்தக் கேசட்டில் பேசியபோது இருபத்துமூன்று வயதுப் பையன், கொலைகளோடு தொடர்பே இல்லாதவன். ஊர் அச்சாக நின்றது. வயது முப்பத்தைந்து வருஷ அகலத்தில் கிடந்தது. இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் ஆண் குரல் அவ்வளவு மெதுவாகத்தான் மாறுகிறது.

உங்கள் தாத்தா விஷயத்தில் நிலைமை அதைவிட நல்லது. கேசட் வீடுகளில் புழங்கிய காலத்தையும் அவர் மறைந்த வருஷத்தையும் வைத்துப் பார்த்தால் அவருக்கு ஐம்பத்தைந்து முதல் எழுபத்தெட்டுக்குள் இருக்க வேண்டும். குரல் வேகமாக மாறும் காலமே அதுதான். உறவினர் வீடுகளில் கல்யாண வீடியோ, நிச்சயதார்த்தக் கேசட் என்று எதிலாவது அவர் இரண்டு நிமிஷம் பேசியிருக்கிறாரா என்று தேடுங்கள். தேதி தெரிந்த அந்த இரண்டு நிமிஷம் இல்லாமல் மற்ற அளவுகளுக்குப் பாதி மதிப்புத்தான்.

பரணில் கிடந்த நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். நேராகப் போட்டுக் கேட்காதீர்கள். முதலில் ஒரு பென்சிலை விட்டுக் கையால் கொஞ்சம் சுற்றித் தளர்த்துங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அப்படியே நிறுத்திவிட்டு, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முதல் தடவை ஓடும்போதே கணினியில் பதிவு ஆகட்டும், இரண்டாவது தடவை அது ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.